க், ச், த், ப் போடுவதா, விடுவதா? ஒரு ஸ்கிரீன்ஷாட் பயிற்சியைப் படிப்படியாக நிரப்புவோம்

என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பரீட்சை நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் பாடப்பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டாக வந்து விழும். கூடவே ஒரு வரி: "சித்தி, ஆன்சர் மட்டும் போதும்." விடையை மட்டும் அனுப்பினால் அடுத்த வாரம் அதே மாதிரி வேறொரு கேள்வியோடு வருவாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில் எழுதி அனுப்புகிறேன். அதை எப்படிச் செய்கிறேன் என்று இங்கே காட்டுகிறேன்.

எடுத்துக்கொள்வது வல்லின ஒற்றுப் பயிற்சி. கோடிட்ட இடங்களில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். கீழே உள்ள வாக்கியங்கள் நானே எழுதியவை. பாடப்பக்கத்தில் வருவதும் ஏறக்குறைய இந்த மாதிரிதான் இருக்கும்.

தேவையான இடத்தில் மட்டும் வல்லின ஒற்றை இட்டு நிரப்புக:

1. அந்த__ பையன் பந்தை__ பிடித்தான்.
2. நேற்று வந்த__ பையன் திண்ணையில் உட்கார்ந்தான்.
3. அத்தை சந்தைக்கு__ போய்__ பார்த்தாள்.
4. தாத்தா எழுந்து__ போனார். பாட்டி படுத்து__ கொண்டாள்.
5. கூடையில் எட்டு__ பழமும் தட்டில் ஆறு__ பழமும் இருந்தன.
6. வெள்ளை__ தட்டில் சுடு__சோறு இருந்தது.
7. முதலாளி அவனுக்கு வேலை__ கொடுத்தார். பார்வதி முருகனுக்கு வேலை__ கொடுத்தாள்.

முதலில் படத்தைச் சரியாகப் படியுங்கள்

விடை தேடும் முன் படத்தைப் பெரிதாக்கி, வாக்கியங்களை ஒரு தாளில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். வெட்டி வேலை மாதிரி தெரியும். ஆனால் பாதித் தவறு இங்கேதான் பிறக்கிறது. மங்கலான படத்தில் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி காணாமல் போய்விடும். "போய்" என்பது "போய" என்று தெரியும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகளை நம்பினாலும் இதே கதைதான். கூடவே, கோடிட்ட இடத்தையே அவை விழுங்கிவிடுவதும் உண்டு.

இன்னொன்று, படத்தின் வலது ஓரம். ஒரு முறை மூன்றாம் வாக்கியம் போன்ற ஒன்று "அத்தை சந்தைக்கு__" என்பதோடு வெட்டுப்பட்டு வந்தது. அதற்கு விடை சொல்லவே முடியாது. அடுத்த சொல் "போய்" என்றால் ப் வரும், "சென்று" என்றால் ச் வரும், "வந்து" என்றால் ஒன்றுமே வராது. அடுத்த சொல் தெரியாத கோட்டை ஊகித்து நிரப்பாதீர்கள். முழுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, கோட்டுக்கு வலப்பக்கம் பாருங்கள்

வல்லின எழுத்துகள் ஆறு: க, ச, ட, த, ப, ற. இவற்றில் ட, ற இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே கோட்டில் வரக்கூடியவை க், ச், த், ப் என்ற நான்கே. அதுவும் அடுத்த சொல்லின் முதலெழுத்து எந்த வரிசையோ அந்த வரிசையின் மெய்தான் வரும். அடுத்த சொல் ம, வ, ந என்றோ உயிரெழுத்திலோ தொடங்கினால் அங்கேயே கேள்வி முடிந்தது.

எந்த எழுத்து என்பதை வலப்பக்கம் சொல்லிவிடும். வருமா, வராதா என்பதைச் சொல்வது பெரும்பாலும் இடப்பக்கச் சொல். காரணமாக நாம் எழுதப்போவதும் அந்தச் சொல் என்ன வகை என்பதைத்தான்.

இனி ஒவ்வொன்றாக

முதல் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். "அந்த", "வந்த" இரண்டும் காதுக்கு ஒன்றுபோல முடிகின்றன. அக்கா மகளும் இரண்டுக்கும் ப் போட்டுவிட்டாள். "அந்தப் பையன்" சரி. "வந்தப் பையன்" தவறு. அந்த, இந்த, எந்த ஆகியவை சுட்டும் வினாவுமாக நிற்கும் சொற்கள், அவற்றின் பின் மிகும். "வந்த" என்பது வினையிலிருந்து பிறந்து ஒரு பெயரைத் தழுவி நிற்கும் பெயரெச்சம், அதன் பின் மிகாது. ஐயம் வந்தால் அந்தச் சொல்லுக்கு "வா", "செய்", "படி" மாதிரி ஒரு வினை வேர் இருக்கிறதா என்று கேளுங்கள். "வந்த" என்பதற்கு "வா" இருக்கிறது. "அந்த" என்பதற்கு எதுவும் இல்லை. படித்த பெண், சொன்ன கதை, பெரிய பையன் எல்லாம் "வந்த" பக்கம்தான். "பெரிய" என்பதில் வினை வேர் இல்லையே என்று நீங்கள் கேட்பது நியாயம். அது குறிப்புப் பெயரெச்சம், அங்கும் மிகாது.

முதல் வாக்கியத்தில் இன்னொரு கோடு மிச்சம். பந்து + ஐ = பந்தை. ஐ உருபு வெளிப்படையாக நிற்பதால் "பந்தைப் பிடித்தான்". காரணம்: இரண்டாம் வேற்றுமை விரி. மூன்றாம் வாக்கியத்தின் முதல் கோடும் இதன் உடன்பிறப்பு. "சந்தைக்கு" என்பதில் கு என்ற நான்காம் வேற்றுமை உருபு வெளிப்பட்டிருக்கிறது, ஆகவே "சந்தைக்குப் போய்". அடுத்த கோட்டில் "போய்ப் பார்த்தாள்". ஆய், போய் என்னும் வினையெச்சங்களின் பின் மிகும்.

நான்காவதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். "எழுந்து", "படுத்து" இரண்டுமே வினையெச்சம், இரண்டுமே "து" என்று முடிகின்றன. வகையின் பெயரை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். "படுத்து" என்பதில் த் என்ற வல்லின மெய் இருக்கிறது. இது வன்தொடர்க் குற்றியலுகரம், மிகும்: "படுத்துக் கொண்டாள்". "எழுந்து" என்பதில் ந் என்ற மெல்லினம் இருக்கிறது. மென்தொடராக முடியும் வினையெச்சத்தின் பின் மிகாது: "எழுந்து போனார்". "செய்து கொடுத்தான்" என்பதில் முந்தைய எழுத்து ய், இடையினம். அங்கும் மிகாது.

இந்த ஒரு சோதனை தெரிந்தால் அன்றாடம் கண்ணில் படும் ஒரு பிழையும் பிடிபடும். "என்றுக் கூறினார்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. று என்பதற்கு முன்னால் ன் இருக்கிறது, மெல்லினம். எனவே "என்று கூறினார்". ஆனால் "விற்றுக் கொடுத்தார்" என்பதில் ற் இருப்பதால் க் வரும்.

ஒரு எச்சரிக்கை. மென்தொடர் என்றாலே மிகாது என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். இங்கே மிகாததற்குக் காரணம் அது வினையெச்சமாக இருப்பது. பெயராக இருந்து வேற்றுமைப் பொருளில் சேரும்போது "குரங்குக்கால்" என்று க் வந்துவிடும். காரணம் எழுதும்போது "மென்தொடர்" என்று மட்டும் நிறுத்தாமல் "மென்தொடர்க் குற்றியலுகர வினையெச்சம்" என்று முழுதாக எழுதச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாவதற்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. "எட்டு" என்பதில் முந்தைய எழுத்து ட், வல்லினம். ஆகவே "எட்டுப் பழம்". "ஆறு" என்பதில் முன்னால் நிற்பது ஒரு நெடில், நெடில்தொடர். ஆகவே "ஆறு பழம்". எண்ணுப் பெயர்களில் எட்டு, பத்து இரண்டின் பின் மிகும் என்று தனி விதியாக மனப்பாடம் செய்வார்கள். அவை இரண்டும் வன்தொடர் என்பதுதான் அதன் அடிப்படை.

ஆறாவதில் "வெள்ளைத் தட்டு" பண்புத்தொகை, அதாவது வெள்ளையான தட்டு, எனவே மிகும். "சுடுசோறு" அப்படி அல்ல. சுட்ட சோறு, சுடுகின்ற சோறு, சுடும் சோறு என்று மூன்று காலத்துக்கும் விரிக்க முடிகிறது. அப்படி விரிந்தால் அது வினைத்தொகை, அங்கே ஒருபோதும் மிகாது. ஊறுகாய் பாட்டிலில் "ஊறுக்காய்" என்று யாரும் அச்சிட்டு நான் பார்த்ததில்லை. அதே விதிதான், கை தானாகவே சரியாக எழுதிவிடுகிறது.

ஏழாவது: ஒரே சொல், இரண்டு விடை

இரண்டு கோட்டுக்கும் முன்னால் "வேலை"தான் நிற்கிறது. அக்கா மகள் "ஐ-யில் முடிந்தால் மிகும்" என்று தனக்கென ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். "பந்தைப் பிடித்தான்", "வெள்ளைத் தட்டு" இரண்டிலும் அது பலித்தது, அதனால் நம்பிவிட்டாள். இங்கே கவிழ்ந்தது.

முதலாளி கொடுத்தது பணி. அந்தச் சொல்லே "வேலை"தான், கடைசியில் உள்ள ஐ அதன் உடம்பின் பகுதி. உருபு மறைந்திருக்கிறது. இது இரண்டாம் வேற்றுமைத் தொகை, மிகாது: "வேலை கொடுத்தார்". பார்வதி கொடுத்தது வேல். வேல் + ஐ = வேலை. இங்கே ஐ உருபு, வெளிப்படையாக நிற்கிறது: "வேலைக் கொடுத்தாள்". ஒரு க் மாறினால் முதலாளி ஊழியர் கையில் ஆயுதத்தைத் திணித்துவிடுவார்.

சோதனை எளிது. கடைசி ஐ-யைக் கழற்றிப் பாருங்கள். மிஞ்சுவது அந்த வாக்கியத்துக்குப் பொருந்தும் பெயராக இருந்தால் அது உருபு. "பந்தை" என்பதில் "பந்து" கிடைக்கிறது. "தலை சீவினான்" என்பதில் "தல்" என்று ஒன்றும் இல்லை, ஆகவே மிகாது. அதே வாக்கியத்தை "தலையை" என்று எழுதினால் உருபு வந்துவிடும், உடனே "தலையைச் சீவினான்".

விடைத்தாளில் எழுதும் முறை

நான் திருப்பி அனுப்பியது இப்படித்தான் இருந்தது:

1. அந்தப் பையன்: சுட்டுச்சொல், மிகும். பந்தைப் பிடித்தான்: இரண்டாம் வேற்றுமை விரி, மிகும்.
2. வந்த பையன்: பெயரெச்சம், மிகாது.
3. சந்தைக்குப் போய்: நான்காம் வேற்றுமை விரி, மிகும். போய்ப் பார்த்தாள்: "போய்" என்னும் வினையெச்சம், மிகும்.
4. எழுந்து போனார்: மென்தொடர்க் குற்றியலுகர வினையெச்சம், மிகாது. படுத்துக் கொண்டாள்: வன்தொடர்க் குற்றியலுகர வினையெச்சம், மிகும்.
5. எட்டுப் பழம்: வன்தொடர், மிகும். ஆறு பழம்: நெடில்தொடர், மிகாது.
6. வெள்ளைத் தட்டு: பண்புத்தொகை, மிகும். சுடுசோறு: வினைத்தொகை, மிகாது.
7. வேலை கொடுத்தார்: இரண்டாம் வேற்றுமைத் தொகை, மிகாது. வேலைக் கொடுத்தாள்: இரண்டாம் வேற்றுமை விரி, மிகும்.

மிகாத இடத்தில் கோட்டை வெறுமனே விடாமல் சொற்களைச் சேர்த்து எழுதி "மிகாது" என்று குறிக்கச் சொல்லுங்கள். வெறுமனே விட்டால், தெரிந்து விட்டதா தெரியாமல் விட்டதா என்று திருத்துகிறவருக்குப் புரியாது. "சித்தி, ஏழாவதுக்கு மிஸ் ஒரே விடைதான் சொன்னாங்க" என்று மறுநாள் ஒரு செய்தி வந்தது. அவளுடைய வகுப்பில் கேட்ட வாக்கியத்தில் முதலாளி மட்டும்தான் இருந்தார்.