2.57 மடங்கு என்றால் கையில் எவ்வளவு?

பெரம்பூரில் எங்கள் தெருவில் ரயில்வே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், பே ஸ்லிப்பைக் காட்டிக் கேட்டார்: "அண்ணே, எட்டாவது பே கமிஷன்ல சம்பளம் ரெண்டு மடங்கு ஆயிடுமாமே?" ஆகாது. ஏன் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் படி: பே ஸ்லிப்பில் பேசிக்கையும் டிஏவையும் (அகவிலைப்படி) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிஏ பேசிக்கின் மேல்தான் போடப்படும். விலைவாசிக் குறியீட்டின் 12 மாத சராசரியை வைத்து, ஜனவரியிலும் ஜூலையிலும் மாற்றுவார்கள். அறிவிப்பு சில மாதம் தள்ளி வருவதால் இடைப்பட்ட மாதங்களுக்கு அரியர் கிடைக்கும்.

தம்பியின் பேசிக் 20,900. ஜூலை 2025 கணக்குப்படி டிஏ 58 சதவீதம், அதாவது 12,122 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 33,022. உங்கள் ஸ்லிப்பில் டிஏ இப்படிப் பொருந்தவில்லை என்றால், இன்கிரிமென்டில் கூடிய பேசிக்குக்கு டிஏ போட்டார்களா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாம் படி: போன முறை நடந்ததைப் பார்ப்போம். 1.1.2016-இல் ஏழாவது ஊதியக்குழு அமலானபோது, குறைந்தபட்ச பேசிக் கிரேடு பேயும் சேர்த்து 7,000. அதை 2.57-ஆல் பெருக்கினால் 17,990. அட்டவணையில் அதற்கு அடுத்த கட்டம் 18,000. ஏழாயிரம் பதினெட்டாயிரமாகிவிட்டது என்று பேசினார்கள். ஆனால் அப்போது டிஏ 125 சதவீதம், 8,750 ரூபாய். ஆக, பழைய சம்பளமே 15,750. புதிய சம்பளத்தில் டிஏ மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. உண்மையில் கூடியது 2,250 ரூபாய், அதாவது 14 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த 2.57-இல் 2.25 ஏற்கெனவே நாம் வாங்கிக்கொண்டிருந்த பணம்.

மூன்றாம் படி: யாராவது ஒரு மடங்கைச் சொன்னால் அதை இப்படி வகுத்துப் பாருங்கள்:

```
மடங்கு ÷ (1 + டிஏ ÷ 100)
```

பேச்சுக்கு 2 மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். 2-ஐ 1.58-ஆல் வகுத்தால் 1.266, அதாவது உண்மையில் கூடுவது 26.6 சதவீதம்தான். தம்பிக்கு 41,800 வரும், கூடுவது 8,778. அமலாகும் நாளில் டிஏ இன்னும் ஏறியிருந்தால் இதுவும் குறையும்.

துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். அவர்களுக்கு ஊதிய ஒப்பந்தம் தனி.

அப்புறம், வீட்டு வாடகைப்படி. இதில்தான் பலர் ஏமாந்தார்கள். சென்னைக்கு அப்போது 30 சதவீதமாக இருந்ததை, புதிய பேசிக்கில் 24 சதவீதமாக்கினார்கள். பேசிக்குக்கு ஜனவரி 2016-இலிருந்து அரியர் வந்தது. வாடகைப்படிக்கு வரவில்லை, ஜூலை 2017-இலிருந்துதான் புதிய தொகை. டிஏ 50 சதவீதத்தைத் தொட்ட ஜனவரி 2024-இல்தான் மறுபடி 30 ஆனது. அதனால் வரப்போகும் அரியரை நம்பி வீட்டு அட்வான்சுக்குக் கடன் வாங்குவதாக இருந்தால், வாடகைப்படியைச் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள். தம்பிக்கும் அதையேதான் எழுதிக் கொடுத்தேன்.