சம்பளத்தை ஏற்ற முடியாது என்கிறார்களா? மற்ற மூன்றையும் பேசி வாங்குவது எப்படி

"பட்ஜெட் அவ்ளோதாங்க, இதுக்கு மேல அப்ரூவல் வராது" என்று ரெக்ரூட்டர் சொன்னதும் பலர் "ஓகே மேடம்" என்று போனை வைத்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள், சேரும் தேதி, முதல் அப்ரைசல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் அந்த பட்ஜெட்டுக்குள் அடங்காதவை.

ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம். ஆவடியில் இருக்கும் ஒரு டெஸ்ட் இன்ஜினியருக்கு சிறுசேரியில் 14 லட்சத்துக்கு ஆஃபர் வருகிறது. தேதி செப்டம்பர் 10. நோட்டீஸ் பீரியட் 60 நாள். புதிய கம்பெனியில் வாரம் நான்கு நாள் ஆபீஸ்.

1. முதலில் ஒரு கேள்வி

எதையும் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "அப்ரைசல் எந்த மாசம் மேடம்? அதுல வர எந்தத் தேதிக்குள்ள சேர்ந்திருக்கணும்?" இதற்கு கட்-ஆஃப் என்று பெயர், பல கம்பெனிகளில் உண்டு. ஆஃபர் லெட்டரில் பெரும்பாலும் இருக்காது.

நம் உதாரணத்தில் அப்ரைசல் ஏப்ரலில், கட்-ஆஃப் செப்டம்பர் 30 என்று வைப்போம். இவர் நவம்பர் நடுவில்தான் சேர முடியும். அப்படியானால் வரும் ஏப்ரலில் ஒன்றும் கிடையாது, அதற்கடுத்த ஏப்ரல்தான். ஏறக்குறைய 17 மாதம் அதே சம்பளம். பேச வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்.

நோட்டீஸைப் பணம் கட்டி முடித்து கட்-ஆஃபுக்குள் சேரலாமே என்று தோன்றும். 20 நாளில் அது நடப்பது கடினம், பழைய கம்பெனியும் சம்மதிக்க வேண்டும். நாலைந்து நாள் வித்தியாசம்தான் என்றால் முயலலாம். நோட்டீஸுக்குக் கட்டும் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்றும் கேளுங்கள். அது ஒருமுறைச் செலவு என்பதால் சம்பள பட்ஜெட்டில் கை வைக்காமலே சில இடங்களில் தருவார்கள்.

2. அப்ரைசலை எப்படிக் கேட்பது

"சீக்கிரம் ஹைக் வேணும்" என்றால் மறுபடியும் சம்பளப் பேச்சாகிவிடும். இப்படிக் கேளுங்கள்:

"14 லட்சத்துக்கு ஒத்துக்கறேன் மேடம். ஆனா என் நோட்டீஸ்னால கட்-ஆஃப் தாண்டிடுது. ஏப்ரல் சைக்கிள்ல வேலை பார்த்த மாசங்களுக்கு மட்டும் ப்ரோ-ரேட்டாவா சேர்த்துக்க முடியுமா? இல்லன்னா 12 மாசம் முடிஞ்சதும் ஒரு ரிவ்யூ?"

10 சதவீத ஹைக் என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு 1.4 லட்சம். ஐந்து மாதத்துக்கான பங்கு சுமார் 58,000 ரூபாய், அதுவும் அடுத்த நிதியாண்டில். இந்த வருட பட்ஜெட் அப்படியே இருக்கும் என்பதால் ரெக்ரூட்டர் இதை ஹெச்ஆரிடம் கொண்டுபோவது சுலபம். ரிவ்யூ என்றால் பரிசீலனைதான். ஹைக்குக்கு உத்தரவாதம் யாரும் எழுதித் தரமாட்டார்கள். கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

3. வீட்டிலிருந்து வேலை

இது ரெக்ரூட்டர் கையில் இல்லை, மேனேஜர் கையில். "அவர்கூட பத்து நிமிஷம் பேச ஏற்பாடு பண்ணுங்க" என்று கேளுங்கள். ஆவடி தூரம், டிராஃபிக் என்று ஆரம்பிக்காதீர்கள். டீம் எந்தெந்த நாளில் கூடுகிறது என்று முதலில் விசாரியுங்கள். செவ்வாய், வியாழன் எல்லோரும் வருகிறார்கள் என்றால், "அந்த ரெண்டு நாளும் புதனும் வந்துடறேன். முதல் மாசம் அஞ்சு நாளும் வரேன்" என்பது அவரால் ஏற்கக்கூடிய பேரம்.

ஒப்புக்கொண்டால் அன்றே ரெக்ரூட்டரையும் சேர்த்து ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பாலிசி மாறினால் அந்த மெயில் காப்பாற்றாது. மேனேஜர் மாறினால் ஓரளவு உதவும்.

4. சேரும் தேதி

மூன்றில் ரெக்ரூட்டர் சுலபமாகத் தரக்கூடியது இது. எப்படியும் கட்-ஆஃப் தாண்டிவிட்டது என்றால் அவசரப்படுவதில் உங்களுக்கு லாபமில்லை. பழைய இடத்தில் போனஸ் எந்தத் தேதியில் வருகிறது, அன்று நீங்கள் வேலையில் இருக்க வேண்டுமா என்று பார்த்துத் தேதி சொல்லுங்கள். நடுவில் ஒரு வாரம் ஓய்வு வேண்டுமென்றால் எடுக்கலாம். ஆனால் பழைய கம்பெனியின் மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடியும். வீட்டில் வயதானவர்கள் அதில் இருந்தால் இடைவெளியைக் குறையுங்கள்.

அவர்களுக்குச் சீக்கிரம் ஆள் வேண்டுமென்றால் இந்தத் தேதியே உங்கள் துருப்புச் சீட்டு. "ஒரு வாரம் முன்னாடி வரப் பார்க்கறேன், ரிவ்யூவை லெட்டர்ல போட்டுடுங்க" என்று இரண்டையும் சேர்த்தே பேசுங்கள்.

5. லெட்டர்

போனில் சொன்னது கணக்கில் வராது. திருத்திய ஆஃபர் லெட்டரில் சேரும் தேதியும் ரிவ்யூ மாதமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். லெட்டரைத் திருத்த முடியாது என்றால் ஹெச்ஆரின் மெயில் ஐடியிலிருந்து ஒரு உறுதி மெயிலாவது கேளுங்கள். அது கைக்கு வந்தபிறகு ராஜினாமா மெயிலை அனுப்புங்கள். அனுப்பியபின் கேட்டால், உங்களுக்கு வேறு வழியில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.