அளவீட்டுப் பிழை சாய்வை எப்படிக் குறைக்கிறது: நான்கு பேரை வைத்து ஒரு கணக்கு

ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை கிராம் உப்பு உண்கிறார் என்பதற்கும் அவருடைய இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை நேர்கோடு பொருத்திக் காண விரும்புகிறோம் என்று கொள்வோம். உப்பின் அளவை அறிய வழக்கமாக ஒரு நாள் முழுவதும் சேகரித்த சிறுநீரில் உள்ள சோடியத்தை அளப்பார்கள். ஆனால் அது அந்த ஒரு நாளின் கணக்கு மட்டுமே. முதல் நாள் விருந்துக்குப் போனவருக்குக் கூடுதலாகவும், வயிறு சரியில்லாமல் கஞ்சி குடித்தவருக்குக் குறைவாகவும் காட்டும். அவருடைய வழக்கமான அளவுக்கும் அன்று அளந்த அளவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டையே இங்கே அளவீட்டுப் பிழை என்கிறோம். அது கூடுதலாகவும் குறைவாகவும் சமமாக அமைவதால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சராசரியைப் பொறுத்தவரை அது சரி. சாய்வைப் பொறுத்தவரை சரியல்ல.

படி 1: பிழையில்லாத கணக்கு

கையால் போட்டுப் பார்க்கும்படி நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை; இவற்றை மருத்துவ உண்மையாகக் கொள்ள வேண்டாம்.

| நபர் | உண்மையான உப்பு (கிராம்) | முதல் அளவீடு | இரண்டாம் அளவீடு | இரத்த அழுத்தம் |
|---|---|---|---|---|
| அ | 7 | 5 | 5 | 120 |
| ஆ | 7 | 9 | 9 | 120 |
| இ | 11 | 9 | 13 | 128 |
| ஈ | 11 | 13 | 9 | 128 |

முதலில் உண்மையான உப்பு நிரலை மட்டும் பாருங்கள். அதன் சராசரி 9. எனவே விலக்கங்கள் -2, -2, 2, 2. இரத்த அழுத்தத்தின் சராசரி 124. விலக்கங்கள் -4, -4, 4, 4. இரண்டு விலக்கங்களையும் ஆளுக்கு ஆள் பெருக்கிக் கூட்டினால் 32 கிடைக்கிறது. உப்பின் விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 16. சாய்வு என்பது முதலாவதை இரண்டாவதால் வகுத்த எண், அதாவது 32/16 = 2. ஒரு கிராம் உப்பு கூடினால் அழுத்தம் 2 அலகு கூடுகிறது.

படி 2: பிழையுடன் அதே கணக்கு

இப்போது உண்மையான அளவு நமக்குத் தெரியாது, முதல் அளவீடு மட்டுமே கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 2 கிராம் கூடவோ குறையவோ பிழை நேர்ந்திருக்கிறது; பிழைகளின் கூட்டல் பூச்சியம்தான். சராசரியும் முன்போலவே 9. விலக்கங்கள் மட்டும் -4, 0, 0, 4 என்று மாறிவிட்டன. இவற்றை அழுத்தத்தின் விலக்கங்களோடு பெருக்கிக் கூட்டினால் 16 + 0 + 0 + 16, அதாவது மறுபடியும் 32. ஆனால் வர்க்கங்களின் கூட்டல் 16 + 16 = 32. சாய்வு 32/32 = 1. உண்மையில் பாதிதான்.

என்ன நடந்தது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் முழு விஷயமும் இந்த ஒரு வகுத்தலில்தான் இருக்கிறது. பிழைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பில்லை என்பதால் தொகுதி அசையவில்லை. பகுதியிலோ பிழையும் வர்க்கமாகிறது. வர்க்கத்தில் கூடுதலும் குறைவும் ஈடாவதில்லை, இரண்டும் சேர்ந்து பகுதியைப் பெருக்குகின்றன. உண்மையான பரவல் 16, பிழையின் பரவல் 16, ஆக மொத்தம் 32. உண்மையான பரவலை மொத்தப் பரவலால் வகுத்தால் வரும் 16/32 = 0.5 என்ற விகிதத்தை நம்பகத்தன்மை விகிதம் என்பார்கள். கிடைக்கும் சாய்வு என்பது உண்மைச் சாய்வை இந்த விகிதத்தால் பெருக்கியதுதான். பிழை 2 கிராமுக்குப் பதிலாக 1 கிராமாக இருந்திருந்தால் பகுதி 20 ஆகி, சாய்வு 1.6 என்று வந்திருக்கும். வேண்டுமானால் 6, 8, 10, 12 என்ற அளவீடுகளை இட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வேறு விதமாகவும் இதைப் பார்க்கலாம். 13 கிராம் என்று அளக்கப்பட்ட ஈ உண்மையில் 11 கிராம்தான் உண்கிறார். ஒரு நாள் அளவீட்டில் மிக உயர்ந்து தெரிபவர்களில் பலர் அன்று மட்டும் உயர்ந்தவர்கள். அவர்களுடைய அழுத்தம் அவர்களுடைய வழக்கத்தைப் பொறுத்தே இருக்கும். ஆகவே புள்ளிகள் கிடைமட்டமாக விரிந்து, கோடு சாய்ந்து படுத்துவிடுகிறது.

இதே பிழை இரத்த அழுத்தத்தில் இருந்தால் என்ன ஆகும்? அழுத்தங்களை 122, 118, 130, 126 என்று மாற்றி, உண்மையான உப்போடு கணக்கிட்டுப் பாருங்கள்: தொகுதி 32, பகுதி 16, சாய்வு 2. புள்ளிகள் கோட்டிலிருந்து சிதறும், மதிப்பீட்டின் துல்லியம் குறையும், ஆனால் சாய்வு ஒரு பக்கமாக இழுபடாது.

படி 3: பிழையைக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் காட்டும் எச்சங்களை வரைந்து பார்த்தால் தெரியுமே என்று தோன்றலாம். பெரும்பாலும் தெரியாது, பொருத்திய கோடு அளந்த மதிப்புகளுக்கு முற்றிலும் இசைந்தே இருக்கும். மாதிரியின் அளவைக் கூட்டுவதும் உதவாது. ஒரு லட்சம் பேரை அளந்தாலும் சாய்வு 1 என்பதே வரும். அதைச் சுற்றியுள்ள நம்பிக்கை இடைவெளி மட்டும் மிகக் குறுகி, தவறான எண்ணை உறுதியாகச் சொல்ல வைக்கும்.

உதவுவது இன்னொரு நாள் எடுத்த மறு அளவீடு. அட்டவணையின் இரண்டாம் அளவீட்டின் விலக்கங்கள் -4, 0, 4, 0. இவற்றை முதல் அளவீட்டின் விலக்கங்களோடு பெருக்கிக் கூட்டினால் 16. அதை முதல் அளவீட்டின் 32-ஆல் வகுத்தால் 0.5. உண்மையான உப்பு நிரலைத் தொடாமலேயே நம்பகத்தன்மை விகிதம் கிடைத்துவிட்டது. இரண்டு நாட்களுக்கும் பொதுவாக இருப்பது உண்மையான அளவு மட்டுமே என்பதால்தான் இது இயலுகிறது.

படி 4: திருத்தம்

கிடைத்த சாய்வை விகிதத்தால் வகுக்க வேண்டும்: 1/0.5 = 2. இரண்டு அளவீடுகளின் சராசரியை (5, 9, 11, 11) மட்டும் பயன்படுத்தினால் சாய்வு 32/24, அதாவது ஏறத்தாழ 1.33, நிலைமை மேம்படுகிறது, முழுமையாகத் தீரவில்லை. பெரிய மாதிரியில் பார்க்க விரும்புவோர் இதை இயக்கலாம்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(1)
n = 100000
x = rng.normal(9, 2, n)
y = 106 + 2*x + rng.normal(0, 5, n)
w1 = x + rng.normal(0, 2, n)
w2 = x + rng.normal(0, 2, n)
v = np.var(w1, ddof=1)
b = np.cov(w1, y)[0, 1] / v
lam = np.cov(w1, w2)[0, 1] / v
print(b, lam, b/lam)
```

திரையில் 1, 0.5, 2 ஆகியவற்றுக்கு மிக நெருங்கிய மூன்று எண்கள் வரும். சாய்வை வகுக்கும்போது அதன் திட்டப் பிழையையும் வகுக்க மறக்கக்கூடாது. விகிதமே ஒரு மதிப்பீடு என்பதால் உண்மையான ஐயப்பாடு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சாய்வு இருமடங்கானதால் சான்றும் இருமடங்கு வலுப்பெற்றது என்று எழுதுவது தவறு.

எங்கே இந்தத் திருத்தம் பிசகும்

1988-இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களைச் சேர்ந்த 10,079 பேரிடம் ஒரு நாள் சிறுநீரைச் சேகரித்தது. அவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் மறுமுறையும் சேகரித்து, மேலே சொன்ன வகையில் சாய்வைத் திருத்தியது. 1996-இல் இத்திருத்தம் குறித்து விவாதம் எழுந்தது. ஒருவருடைய சோடியமும் அழுத்தமும் ஒரே காலத்தில் சேர்ந்து ஏறி இறங்கினால், பிழைக்கும் அழுத்தத்துக்கும் தொடர்பில்லை என்ற அனுமானம் உடைகிறது. நம் கணக்கில் சொல்வதானால், படி 2-இல் அசையாதிருந்த தொகுதி அசையத் தொடங்குகிறது. அப்போது விகிதத்தால் வகுப்பது சாய்வை உண்மையைவிடப் பெரிதாக்கிவிடக்கூடும்.

எதிர்ப்பக்கத்தில், இரண்டு அளவீடுகளும் ஒரே தவறைப் பகிர்ந்தால் திருத்தம் போதாமல் போகும். ஒரே பண்டிகை வாரத்தில் அடுத்தடுத்த நாட்களில் சேகரித்தால் அந்த வாரத்தின் கூடுதல் உப்பு இரண்டிலும் இருக்கும், விகிதம் 0.5-க்குப் பதிலாக 0.8 என்று தோன்றலாம். அதனால் மறு அளவீட்டைச் சில வாரங்கள் இடைவெளி விட்டு எடுப்பதே நல்லது.