வரன் பார்க்கும் முதல் சந்திப்பில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

பெரியவர்கள் பேசி முடித்து, "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிட்டு வாங்க" என்று அனுப்பும் அந்த அரை மணி நேரத்துக்கான குறிப்புகள் இவை. படிப்பு, வேலை, சம்பளம், குடும்ப விவரம் எல்லாம் ஏற்கெனவே கைக்கு வந்திருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்

பத்து நிமிடத்தில் எந்தக் கேள்வியும் வேலை செய்யாது. முதல் ஐந்து நிமிடம் கூச்சம் தெளியவே போய்விடும். குறைந்தது முப்பது நிமிடம், முடிந்தால் நாற்பது நிமிடம் வேண்டும் என்று சந்திப்புக்கு முந்தைய நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். அங்கே போய்க் கேட்டால் தயங்குவார்கள். உட்காரும் இடம் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியலாம், காதுக்கு எட்டக் கூடாது. நேருக்கு நேர் உட்காருவதைவிடப் பக்கவாட்டில் நடந்துகொண்டே பேசுவது நல்லது. கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது கூச்ச சுபாவம் உள்ளவர்களும் முழு வாக்கியமாகப் பதில் சொல்கிறார்கள்.

நாற்பது நிமிடத்துக்கு நான்கு கேள்விகள் போதும். இருபது கேள்விகளோடு போகிறவர்கள் இருபது ஒற்றை வரிப் பதில்களோடு திரும்புகிறார்கள். பட்டியலைப் போனில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கேட்காதீர்கள். அது வேலைக்கான நேர்முகத் தேர்வு மாதிரி ஆகிவிடும்.

இணையத்தில் சுற்றும் '36 கேள்விகள்' பட்டியலைப் பலர் எடுத்துப் போகிறார்கள். அது ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. முன்பின் தெரியாத இருவருக்கிடையே முக்கால் மணி நேரத்தில் நெருக்க உணர்வை உண்டாக்க முடியுமா என்று பார்க்க உருவாக்கிய கேள்விகள் அவை. அந்த வேலையைச் செய்யும். ஆனால் இருவரும் சேர்ந்து வாழ முடியுமா என்பதை அவை அளப்பதில்லை. முதல் சந்திப்பிலேயே உண்டாகும் நெருக்கத்தைப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. அந்தப் பட்டியலை நிச்சயத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கேள்வியைச் சலித்துப் பாருங்கள்

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சோதனை இருக்கிறது. உங்களுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத ஒருவரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் இதே நல்ல பதிலைத்தான் சொல்வாரா? சொல்வார் என்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமா?" என்றால் அநேகமாக எல்லோரும் "தாராளமா" என்பார்கள். "உங்களுக்குக் கோபம் வருமா?" என்றால் "எப்பவாவது" என்பார்கள். "எங்க அப்பா அம்மாவை நல்லாப் பாத்துப்பீங்களா?" என்பதற்கு இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பதில் பொய் என்று சொல்லவில்லை. மனதாரச் சொன்னாலும் அது ஆசைதான். நமக்கு வேண்டியது வழக்கம்.

மாற்றுவது சுலபம். இனி நடக்கப்போவதைக் கேட்காமல் ஏற்கெனவே நடந்ததைக் கேளுங்கள். 'பொதுவா' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கடைசியா' என்று போடுங்கள். கோபம் பற்றிய கேள்வி, "கடைசியா வீட்ல எதுக்குச் சண்டை வந்துச்சு? எப்படிச் சமாதானம் ஆனீங்க?" என்று ஆகும். இதில் சண்டையின் காரணத்தைவிட, சமாதானத்துக்கு முதலில் வந்தது யார் என்பதைக் கவனியுங்கள். எந்தக் கதையிலும் மற்றவர்தான் இறங்கி வந்தார் என்றால், அடுத்த சந்திப்பில் அதைத் தொட்டுப் பேச வேண்டும்.

பணத்துக்கும் இதே முறைதான். சம்பளம் எவ்வளவு என்பது தெரிந்த செய்தி, அது எங்கே போகிறது என்பதுதான் தெரியாது. "சம்பளம் வந்ததும் முதல்ல எதுக்குப் போகும்?" என்று கேளுங்கள். வீட்டுக் கடன், தங்கையின் படிப்பு, அப்பாவின் மருத்துவச் செலவு என்று பதில் வரும். இவற்றில் எதுவும் குறையல்ல. எத்தனை வருடத்துக்கு, யார் பெயரில் என்பது தெரிந்தால் போதும். இதைக் கேட்கும் முன் உங்கள் கணக்கை நீங்கள் சொல்லிவிடுங்கள்: "எனக்குப் படிப்புக் கடன் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, அதுதான் முதல்ல போகும்." சொல்லிவிட்டுக் கேட்டால் அது உரையாடல். சொல்லாமல் கேட்டால் விசாரணை.

படி 3: வேலை, வீடு என்ற கேள்வி

பெரும்பாலும் சிக்குவது இங்கேதான், அதனால் முழுவதும் எழுதிக் காட்டுகிறேன். பெண் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

"உங்க வீட்ல காலையில ஆறு மணியிலேர்ந்து ஒன்பது மணி வரைக்கும் எப்படிப் போகும்? யார் என்ன செய்வாங்க?"

"அம்மா அஞ்சரைக்கே எழுந்துடுவாங்க. சமையல், அப்பாவுக்கு மாத்திரை எல்லாம் அவங்கதான். நான் ஏழரைக்கு எழுந்து கிளம்பிடுவேன்."

இங்கேயே முகம் வாடிவிட வேண்டாம். மறைக்காமல் சொன்ன பதில் இது. அடுத்தது:

"கடைசியா அம்மாவுக்கு உடம்பு முடியாம இருந்தப்போ எப்படிச் சமாளிச்சீங்க?"

"அக்கா வந்து பத்து நாள் இருந்தா" என்று வரலாம். "நான் லீவு போட்டேன், சமையல் சுமாராத்தான் வந்துச்சு" என்றும் வரலாம். "சரியா ஞாபகம் இல்லையே" என்றும் வரலாம். இரண்டாவது பதில் கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். உண்மையான கேள்வி இனிமேல்தான்:

"நான் வந்தா, இதுல எதெல்லாம் என் வேலைன்னு வீட்ல நினைக்கிறாங்க?"

இதுவரை அவர் தன்னைப் பற்றிப் பேசினார். இந்தக் கேள்வி வீட்டாரின் எதிர்பார்ப்பை வெளியே கொண்டுவருகிறது. திருமணத்துக்குப் பின் வரும் மனத்தாங்கல் பலவற்றுக்கு அவருடைய "தாராளமா" காரணமாக இருப்பதில்லை. வீட்டில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது என்பதுதான் காரணம். ஆகவே, "அதைப் பத்தி வீட்ல பேசினதில்ல, கேட்டுச் சொல்றேன்" என்பது நல்ல பதில். அவர் கேட்டுச் சொல்கிறாரா என்பதைக் கொஞ்ச நாளில் பார்த்துவிடலாம். "அதெல்லாம் நீங்க வந்தா தானா சரியாயிடும்" என்றால் அந்த வாக்கியத்தை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரியாக்கும் வேலை யாருடையது என்று அடுத்த முறை கேட்க வேண்டும்.

பையன் கேட்பதானாலும் இதே வரிசைதான். "எங்க வீட்ல அனுசரிச்சுப் போவீங்களா?" என்று கேட்டால் "போவேன்" என்றுதான் வரும். "உங்க ஒரு நாள் எப்படிப் போகும்? அதுல எதை விடவே முடியாது?" என்று கேளுங்கள். இரவு பத்து மணி வரை அலுவலக அழைப்பு இருக்கும், ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

படி 4: விருப்பம் உண்டா என்று அறிவது

இந்தப் பேச்சில் தவிர்க்கவே கூடாதது இது. எதிரில் இருப்பவர் தானாக வந்திருக்கிறாரா, வீட்டுக் கட்டாயத்துக்கு உட்கார்ந்திருக்கிறாரா?

"உங்களுக்கு இதுல விருப்பம்தானே?" என்று கேட்டால் படி 2இன் சோதனையிலேயே அது தோற்றுவிடும். கட்டாயத்தில் இருப்பவரும் "ஆமா" என்றுதான் சொல்வார், ஏனென்றால் அந்தப் பதில் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்ற பயம் இருக்கும். இப்படிக் கேளுங்கள்: "இப்போ கல்யாணம் பண்ணலாம்னு முதல்ல ஆரம்பிச்சது நீங்களா, வீட்லயா?" அதைத் தொடர்ந்து, "இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போனா உங்களுக்கு எப்படி இருக்கும்?" வீட்டில் ஆரம்பித்தது என்பதில் தவறில்லை, நிறையப் பேருக்கு அப்படித்தான். தள்ளிப் போனால் என்ற கேள்வியில் முகம் சட்டென்று இளகுகிறதா என்று பாருங்கள்.

இளகினால், அப்போதே ஒன்று சொல்லுங்கள்: "உங்களுக்கு வேண்டாம்னா என்கிட்ட சொல்லலாம். எனக்குச் சரிப்படலைன்னு நானே எங்க வீட்ல சொல்லிடறேன்." சொன்னால் காப்பாற்ற வேண்டும். வீட்டில் எவ்வளவு துருவினாலும் காரணம் உங்களோடு நிற்க வேண்டும், ஏனென்றால் அது கசிந்தால் சிக்கல் அவருக்குத்தான்.

இந்தப் பேச்சைக் கடைசிக்கு வைக்காதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கூப்பிட வந்துவிடுவார்கள். பதினைந்தாவது நிமிடத்தை ஒட்டி வைத்தால் சரியாக இருக்கும்.

எதை இப்போது கேட்க வேண்டாம்

பழைய காதல், உடல்நலம், குழந்தை ஆகியவை அடுத்த சந்திப்புக்கு உரியவை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பக்கம் மாறவே மாறாத முடிவு ஏதாவது இருந்தால், உதாரணமாகக் குழந்தை வேண்டாம், வெளிநாடு போவது உறுதி, பெற்றோரைப் பிரிந்து இருக்க முடியாது என்பது போல, அதைக் கேள்வியாகக் கேட்காமல் செய்தியாகவே முதல் நாள் சொல்லிவிடுங்கள்.

படி 5: ஒரு மணி நேரத்துக்குள் எழுதி வையுங்கள்

திரும்பும் வழியிலேயே "பிடிச்சிருக்கா?" என்று கேட்பார்கள். "ராத்திரி சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, முதலில் காகிதத்தில் எழுதுங்கள். போனில் வேண்டாம், யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அவர் சொன்ன வார்த்தைகள் ஒரு பக்கம், நீங்கள் புரிந்துகொண்டது மறுபக்கம். 'அம்மாவிடம் கேட்டுச் சொல்றேன்னார்' என்பது முதல் பக்கம், 'அம்மா பிள்ளை' என்பது இரண்டாம் பக்கம். இரண்டையும் பிரிக்காமல் விட்டால், வீட்டில் நான்கு பேர் கருத்துச் சொன்ன பிறகு எது அவர் சொன்னது, எது அத்தை சொன்னது என்றே தெரியாது.

அன்று எடுக்க வேண்டிய முடிவு இன்னொரு முறை பேசலாமா என்பது மட்டுமே. வீட்டாரிடமும் அப்படியே சொல்லுங்கள்: "சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. இன்னொரு தடவை பேசணும்."

பின்சேர்க்கை

வாசகர்கள் இரண்டு சிக்கல்களைச் சொல்லியிருந்தார்கள். எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்தான்" என்றே பதில் வந்தால் என்ன செய்வது என்பது ஒன்று. அப்போது தெரிவு கொடுத்துக் கேளுங்கள்: "லீவு நாள்ல வெளியில போகப் பிடிக்குமா, வீட்ல இருக்கவா?" சின்ன விஷயத்தில் வாய் திறந்தவர் பெரிய விஷயத்துக்கும் மெல்ல வருவார். அதற்கும் "உங்க இஷ்டம்" என்றே வந்தால் படி 4க்குப் போய்விடுங்கள்.

மற்றொன்று, முதல் சந்திப்பே வீடியோ அழைப்பில் நடப்பது. அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்பது திரையில் தெரியாது, அதனால் படி 4ஐ அங்கே தொடவே வேண்டாம். அந்த ஒன்றை மட்டும், அவர் தனியாக இருக்கும் நேரத்தை அவரையே சொல்லச் சொல்லி, சாதாரணப் போன் அழைப்பில் பேசிக்கொள்ளுங்கள்.