எஸ்ஓபியில் அரியரை எங்கே சொல்வது, எவ்வளவு சொல்வது

வெளிநாட்டில் எம்எஸ் படிக்க விண்ணப்பிக்கும் ஜூனியர்கள் ஏன் அந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதமான எஸ்ஓபியின் வரைவைப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்புவார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப ஒரு காட்சி. மூன்றாம் செமஸ்டரில் ஒரு பேப்பர் போயிருக்கும். அடுத்த முறையே எழுதி க்ளியரும் செய்திருப்பார்கள். ஆனாலும் கடிதத்தின் இரண்டாவது பத்தி முழுக்க அந்த ஒரு பேப்பரின் கதையாக இருக்கும். நான்கு வருடப் படிப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட பேப்பர்களை எழுதிய பிள்ளை, ஒன்றை மட்டும் தூக்கி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்வது போல இருக்கும்.

இதில் நடக்கும் தவறுகளைப் பேச, அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இசிஇ படித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 2021 ரெகுலேஷன், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்டம். மூன்றாம் செமஸ்டரில் ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ பேப்பரில் யு கிரேடு, அதாவது மறுபடி எழுத வேண்டும். நான்காம் செமஸ்டரில் அதை எழுதித் தேறிவிட்டார். கடைசியில் சிஜிபிஏ 7.4. இப்போது சிக்னல் ப்ராசஸிங்கில் எம்எஸ் படிக்க விண்ணப்பிக்கிறார். அவருடைய முதல் வரைவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“மூன்றாம் செமஸ்டரில் எதிர்பாராத விதமாக ஒரு பாடத்தில் தோல்வியடைந்தேன். அப்போது அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை. பாடம் எடுத்த ஆசிரியரும் பாதியில் மாறிவிட்டார். விடைத்தாளை மிகக் கடுமையாகத் திருத்தியிருந்தார்கள். மிகவும் மனமுடைந்து போனேன். ஆனால் தோல்வியே வெற்றிக்கு முதல்படி என்பதை உணர்ந்து, விடாமுயற்சியுடன் படித்துத் தேர்ச்சி பெற்றேன்.”

இதில் முதலில் கண்ணில் படுவது மூன்று காரணங்கள். ஒரே நிகழ்வுக்கு மூன்று காரணம் சொன்னால் மூன்றையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதிலும் ஆசிரியரையும் திருத்தியவரையும் குறை சொல்லும் வரிகள் கெடுதலே செய்யும். படிக்கும் பேராசிரியர் தானும் விடைத்தாள் திருத்துகிறவர். நாளை தன்னைப் பற்றியும் இந்த மாணவி இப்படித்தான் எழுதுவாரோ என்றுதான் அவருக்குத் தோன்றும். விடைத்தாள் தவறாகத் திருத்தப்பட்டது என்று உறுதியாக நம்பினால் அதற்கு நகல் வாங்கி மறுமதிப்பீட்டுக்குப் போடும் வழி அப்போதே இருந்தது. அதில் மதிப்பெண் ஏறித் தேறியிருந்தால் அது அரியரே இல்லை, எழுதவும் வேண்டாம். ஏறவில்லை என்றால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

உண்மையான காரணம் அப்பாவின் உடல்நிலை என்றால் அது ஒன்று போதும். அதையும் கூட்டிச் சொல்லக் கூடாது. ஒரு முறை ஒரு பையன், அந்த செமஸ்டரில் இரண்டு மாதம் கல்லூரிக்கே போக முடியவில்லை என்று எழுதியிருந்தான். அண்ணா பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுதப் பொதுவாக 75 சதவீத வருகை வேண்டும். இரண்டு மாதம் வராதவனுக்கு யு வராது, வருகைக் குறைவுக்கான எஸ்ஏ வந்திருக்கும். மதிப்பெண் பட்டியலில் இருந்ததோ யு. கேட்டதற்கு, மூன்று வாரம்தான் போகவில்லை என்றான். மூன்று வாரம் என்றே எழுதினால் போதும். ஒரு பேப்பர் போக அதுவே தாராளமாகப் போதுமான காரணம்.

அடுத்தது, மனமுடைந்ததும் விடாமுயற்சியும். இந்தச் சொற்களில் ஒரு தகவலும் இல்லை. தேறினார் என்பது பட்டியலிலேயே இருக்கிறது. படிப்பவருக்கு உண்மையில் எழும் சந்தேகம் வேறு. சிக்னல் ப்ராசஸிங் படிக்க வருகிறார், அதன் அடித்தளமான பேப்பரில் விழுந்திருக்கிறார், இப்போது அந்தக் கணக்கு இவருக்கு வருமா? இதற்குப் பதில் சொல்ல இந்த மாணவியிடம் நல்ல சான்று இருக்கிறது. இசிஇயில் ‘டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்’ நான்காம் செமஸ்டரில் வருகிறது. முந்தைய பேப்பரில் வரும் ஃபூரியே, லாப்லாஸ், இசட் டிரான்ஸ்ஃபார்ம் தெரியாமல் அதை எழுத முடியாது. அவர் அரியரை எழுதிய அதே செமஸ்டரில் அந்தப் பேப்பரில் ஏ வாங்கியிருக்கிறார். முதல் வரைவில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

திருத்திய பின் அந்தப் பகுதி இவ்வளவுதான்:

“மூன்றாம் செமஸ்டரில் அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக மூன்று வாரம் ஊரில் இருந்தேன், சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் தேர்வில் அந்த முறை தேறவில்லை. அடுத்த செமஸ்டரில் அதை முடித்தேன், அதே செமஸ்டரில் டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்கில் ஏ கிரேடு பெற்றேன். அந்தப் பாடத்திலிருந்து கிளம்பியதுதான் ஈசிஜி அலையில் கலந்த இரைச்சலை நீக்கும் ஃபில்டரை வடிவமைத்த என் இறுதியாண்டு ப்ராஜெக்ட்.”

மூன்று வாக்கியம். என்ன நடந்தது, எப்போது சரியானது, சரியானதற்குச் சான்று என்ன. மூன்றாவது வாக்கியம் அரியரை விட்டு நகர்ந்து ப்ராஜெக்டுக்குள் போய்விடுகிறது பாருங்கள். அடுத்த பத்தியை ப்ராஜெக்டிலேயே தொடங்கலாம். படிப்பவர் நின்று யோசிக்க இடமில்லாமல் கண் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே அளவில்தான் இருக்க வேண்டும்.

எந்த இடத்தில் வைப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. ஒரு கடிதத்தில் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும்தான் மனதில் நிற்கும். அரியர் அங்கே போகக் கூடாது. இளநிலைப் படிப்பை விவரிக்கும் நடுப்பகுதிதான் அதன் இடம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் விண்ணப்பத்தில் கூடுதல் விவரங்களுக்கென்று ஒரு பெட்டி தனியாக இருக்கும். அது இருந்தால் அந்த மூன்று வாக்கியங்களை அதில் போட்டுவிட்டு எஸ்ஓபியில் அரியர் பேச்சே இல்லாமல் விடலாம். இரண்டிலும் எழுதுவதுதான் பிழை. ஒரே விஷயத்தை இருமுறை சொன்னால் அது இரு மடங்கு பெரிதாகத் தெரியும்.

எழுதவே தேவையில்லாததை எழுதுகிறவர்களும் உண்டு. முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரியில் சி கிரேடு வந்ததற்கு ஒருவர் நான்கு வரி விளக்கம் தந்திருந்தார். அவர் விண்ணப்பித்தது கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங்குக்கு. அந்த சி கிரேடை யாரும் தேடிப் பார்க்கப் போவதில்லை. போகப் போகிற துறைக்கு அடிப்படையான பேப்பர், அல்லது ஒரே செமஸ்டரில் பட்டென்று விழுந்து தெரியும் சரிவு, அல்லது இரண்டு மூன்றுக்கு மேல் அரியர். இவற்றுக்கு மட்டும் விளக்கம் போதும். மற்றவை பட்டியலில் கிடக்கட்டும்.

மொத்த சிஜிபிஏ குறைவு என்பது இன்னொரு வகை. ஜெர்மனியில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, தேர்ச்சி 5 என்று எடுத்துக்கொண்டால் நம் மாணவியின் 7.4 இப்படி மாறும்:

```
1 + 3 × (10 − 7.4) / (10 − 5) = 2.56
```

அங்கே எண் குறையக் குறையத்தான் நல்லது. ஒரு படிப்புக்கு 2.3 வரைதான் எடுப்போம் என்று போட்டிருந்தால், 2.56ஐ எந்த மோட்டிவேஷன் லெட்டரும் 2.3 ஆக்காது. எல்லை கறாராக இருக்கிற இடத்தில் விளக்கம் எழுதி நேரத்தைச் செலவழிப்பதை விட, எல்லை 2.7 ஆகவோ 3.0 ஆகவோ உள்ள படிப்புகளைத் தேடுவதே நல்லது. அங்கே போனால் உங்கள் 7.4 பேசுபொருளே இல்லை. இந்தக் கணக்கைப் போடாமலேயே மன்னிப்புக் கடிதம் எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இனி மறைப்பது. குறைவாகப் பேசுவதும் மறைப்பதும் ஒன்று என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். நான்காம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பேப்பர் மூன்றாம் செமஸ்டர் பாடம் என்ற குறிப்போடு ஏறியிருக்கும். பார்க்கத் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா பக்கம் பல பல்கலைக்கழகங்கள் அரியர் எத்தனை என்று காட்டும் பேக்லாக் சான்றிதழையே கேட்கும். ஜெர்மனிக்குப் போகிறவர்களின் கல்விச் சான்றிதழ்களைப் பார்க்கும் ஏபிஎஸ் சரிபார்ப்பில் எல்லா செமஸ்டர் பட்டியலும் போகும். ஆகவே விண்ணப்பப் படிவத்தில் பேக்லாக் எத்தனை என்று கேட்டிருந்தால் சரியான எண்ணைப் போடுங்கள். அங்கே விளக்கம் வேண்டாம், எண் மட்டும். ஒரு பேப்பரை மூன்று முறை எழுதித் தேறியிருந்தால் அது ஒரு பாடமா, முயற்சிகளின் கணக்கா என்பது படிவத்தின் வாசகத்தைப் பொறுத்தது. வாசகம் தெளிவாக இல்லையென்றால் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு வரி மெயில் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது. வேலைக்கான படிவங்களிலும் இதே சிக்கல்தான். ஸ்டாண்டிங் அரியர் என்றால் இன்னும் முடிக்காதது, ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ் என்றால் முடித்ததும் சேர்த்து. முன்னதற்கு சுழியம் என்று போடும் நம் மாணவி, பின்னதற்கு ஒன்று என்று போட்டாக வேண்டும்.

கடைசியாக, பலரும் மறந்துவிடும் ஒரு இடம் பரிந்துரைக் கடிதம். அரியரைப் பற்றி உங்களைவிட உங்கள் ஆசிரியர் சொன்னால் எடை அதிகம். டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் எடுத்தவரிடமே கடிதம் வாங்கினால், “என் வகுப்பில் இந்த மாணவியின் கணித அடித்தளம் உறுதியாக இருந்தது” என்று அவர் எழுதும் ஒரு வரி போதும், அரியர் என்ற சொல்லே வேண்டாம். ஆனால் அவரிடம் கேட்கப் போகும்போது மதிப்பெண் பட்டியலையும் உங்கள் மூன்று வாக்கியங்களையும் காட்டிவிடுங்கள். “சார், நான் இதைத்தான் எழுதியிருக்கேன், நீங்க ஒரு தடவை பாத்துருங்க” என்றால் போதும். நீங்கள் அப்பாவின் அறுவை சிகிச்சை என்று எழுத, அவர் உங்களுக்கே உடம்பு சரியில்லை என்று நினைவுப் பிசகில் எழுதிவிட்டால், யாரும் கவனிக்காமல் போயிருக்க வேண்டிய ஒரு பேப்பர் அந்தக் கோப்பிலேயே பெரிய விஷயமாகிவிடும்.