ஸ்லைடில் ஒட்டிய சமன்பாட்டுப் படத்தை மாற்றும்போது நடக்கும் தவறுகள்

இருபடிச் சமன்பாட்டின் தீர்வுச் சூத்திரத்தை எங்கிருந்தோ படமாக வெட்டி ஸ்லைடில் ஒட்டியிருக்கிறீர்கள். படத்தின் அகலம் 300 பிக்சல். அதைத் திரையில் 1200 பிக்சலுக்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் பதினாறு புள்ளிகளின் இடத்தை அடைக்கும். அடுக்கில் இருக்கும் 2 மங்கலான திட்டாகிவிடும். பலர் உடனே இன்னும் பெரிதாக ஒரு படத்தை வெட்டி ஒட்டுவார்கள். அதுவும் ஓர் அளவுக்கு மேல் மங்கத்தான் செய்யும். ஓர் எழுத்தைத் திருத்தக்கூட மறுபடி வெட்ட வேண்டும்.

படத்துக்குப் பதில் சமன்பாட்டையே தட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் பவர்பாயிண்ட்டில் `Alt` + `=` அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி வரும். `Equation` தாவலில் `Unicode` தேர்ந்திருக்கும்போது இதைத் தட்டுங்கள்:

```
x=(-b±√(b^2-4ac))/(2a)
```

± குறிக்கு `\pm`, மூலக்குறிக்கு `\sqrt` எனத் தட்டி ஸ்பேஸ் விட்டால் போதும். முடித்ததும் `Convert` பட்டியலில் `Professional` கொடுத்தால் வகுத்தலும் மூலக்குறியும் உரிய வடிவம் பெறும்.

அதிகம் பேர் சறுக்குவது அடைப்புக்குறியில். `√b^2-4ac` என்று எழுதினால் மூலக்குறி b²-ஐ மட்டுமே மூடும். பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான், விடை மாறிவிடும். a=1, b=−3, c=2 என்று வைத்துப் பாருங்கள். சரியான சூத்திரத்தில் மூலத்துக்குள் 9−8=1, கூட்டல் குறியோடு விடை (3+1)/2=2. அடைப்பு இல்லாததில் 3+3−8=−2, அதன் பாதி −1. அதனால் பழைய படத்தை முதலிலேயே அழிக்காதீர்கள். புதியதை அதன் கீழே வைத்து, குறி குறியாக ஒப்பிட்ட பிறகு நீக்குங்கள். படத்துக்கு அனிமேஷன் கொடுத்திருந்தால் அதுவும் படத்தோடு போய்விடும். புதியதற்கு மறுபடி கொடுக்க வேண்டும்.

`\frac` போன்ற லேடெக் கட்டளைகளை `Unicode` நிலையில் ஒட்டிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று விழிப்பதும் வழக்கம். முதலில் `LaTeX` தேர்ந்துவிட்டு ஒட்டுங்கள்.

அப்புறம், பெரிதாக்கும் விதம். படத்தை இழுத்துப் பழகிய கை பெட்டியின் மூலையைப் பிடித்து இழுக்கும். பெட்டிதான் விரியும், சமன்பாடு அப்படியே நிற்கும். சமன்பாட்டைத் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 24-இலிருந்து 60 ஆக்குங்கள். எழுத்துருவின் கோடுகளிலிருந்து வரைவதால் விளிம்பு கூர்மையாகவே இருக்கும். ஸ்லைடின் பின்னணி கறுப்பானால் எழுத்து நிறத்தை வெள்ளையாக்கினால் போதும். படத்தைச் சுற்றி நிற்கும் அந்த அசிங்கமான வெள்ளைக் கட்டம் இதில் கிடையாது.

வேர்டிலிருந்து எடுக்கும்போது `Picture` என ஒட்டினால் மறுபடி படம்தான் கிடைக்கும். சந்தேகம் வந்தால் கிளிக் செய்யுங்கள். சூத்திரத்துக்குள் கர்சர் மின்னி `Equation` தாவல் வந்தால் அது சமன்பாடு. `Picture Format` வந்தால் இன்னும் படமேதான்.