ஒரே லேத், இரண்டு ஒப்பந்தம்: ஃபைனான்ஸ் லீஸும் ஆப்பரேட்டிங் லீஸும் கணக்கில் ஏறும் விதம்

நம் ஊரில் லீஸ் என்றதும் பலருக்கு வீடுதான் ஞாபகம் வரும். மொத்தமாக ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒத்தி. இங்கே பேசப்போவது அதில்லை. கம்பெனிகள் மெஷின், வண்டி, கம்ப்யூட்டர் போன்றவற்றைத் தவணை கட்டிப் பயன்படுத்தும் லீஸ்.

உதாரணத்துக்குக் கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் கடையும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியை வைத்துக்கொள்வோம். அதற்கு 10,00,000 ரூபாய் விலையுள்ள சிஎன்சி லேத் வேண்டும். நன்றாகப் பராமரித்தால் பத்து வருடம் ஓடும். லீஸ் கம்பெனி இரண்டு வழி சொல்கிறது.

ஒப்பந்தம் அ: மூன்று வருடம், ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 4,02,115 ரூபாய். முடிந்ததும் நூறு ரூபாய் கொடுத்து லேத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் ஆ: மூன்று வருடம், வருடக் கடைசியில் முறையே 1,50,000, 1,80,000, 2,10,000 ரூபாய். முடிந்ததும் லேத் திரும்பிப் போய்விடும்.

எல்லாம் ஜிஎஸ்டி சேர்க்காத தொகை. அந்த நூறு ரூபாயையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறேன்.

### படி 1: தலைப்பைப் பார்க்காதீர்கள், உள்ளே படியுங்கள்

ஒப்பந்தத்தின் மேல் 'ஆப்பரேட்டிங் லீஸ்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. லிஸ்ட் ஆகாத, நிகர மதிப்பு 250 கோடிக்குக் கீழே உள்ள கம்பெனிகள் பொதுவாகப் பின்பற்றும் ஏஎஸ் 19 என்ற கணக்கியல் தரம் கேட்பது ஒரே கேள்விதான். அந்தச் சொத்தை வைத்திருப்பதில் உள்ள லாபமும் ஆபத்தும் பெரும்பாலும் யார் கைக்குப் போகிறது? லீஸுக்கு எடுத்தவர் கைக்குப் போனால் ஃபைனான்ஸ் லீஸ். இல்லையென்றால் ஆப்பரேட்டிங் லீஸ்.

இதைக் கண்டுபிடிக்க ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: கடைசியில் சொத்து உங்களுக்கே வருகிறதா, அல்லது சொற்ப விலைக்கு வாங்கும் உரிமை இருக்கிறதா? சொத்தின் ஆயுளில் பெரும்பகுதியை லீஸ் காலமே தின்றுவிடுகிறதா? நீங்கள் கட்டப்போகும் தவணைகளின் இன்றைய மதிப்பு, அதாவது வட்டியைக் கழித்துவிட்டால் அவை இன்று எவ்வளவு பெறும் என்பது, ஏறக்குறைய சொத்தின் விலைக்கே வந்துவிடுகிறதா? உங்களைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாத மாதிரி செய்த மெஷினா?

இங்கே பலரும் 75 சதவீதம், 90 சதவீதம் என்று இரண்டு எல்லைக்கோடு சொல்வார்கள். அவை 1976-இல் வந்த அமெரிக்க விதியின் எண்கள். ஏஎஸ் 19-இல் அப்படி எந்த சதவீதமும் கிடையாது, 'பெரும்பகுதி' என்பதை நாம்தான் யோசித்து முடிவுசெய்ய வேண்டும்.

ஒப்பந்தம் அ: பத்து லட்ச ரூபாய் லேத் நூறு ரூபாய்க்கு வருகிறது, யாரும் விடமாட்டார்கள். ஃபைனான்ஸ் லீஸ். ஒப்பந்தம் ஆ: பத்து வருட மெஷினை மூன்று வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். பிறகு அது விலைபோகுமா, பழுதாகுமா என்பது லீஸ் கம்பெனியின் கவலை. ஆப்பரேட்டிங் லீஸ்.

### படி 2: உண்மையான வட்டியைக் கண்டுபிடியுங்கள்

ஒப்பந்தம் அ-வில் வட்டி என்ற சொல்லே இருக்காது. கேட்டால் ஏஜென்ட், "சார், ஏழு பர்சென்ட்கூட இல்லை" என்பார். அவர் கணக்கு இப்படி: மூன்று தவணை சேர்த்து 12,06,345. விலை போக மிச்சம் 2,06,345. மூன்றால் வகுத்தால் வருடத்துக்கு 68,782, அதாவது 6.88 சதவீதம். இதுதான் ஃபிளாட் ரேட். ஒவ்வொரு தவணையிலும் அசல் குறைந்துகொண்டே வருவதை இது கண்டுகொள்வதில்லை. கணக்கு எழுத இது உதவாது.

எக்ஸெல்லில் இதைத் தட்டுங்கள்:

```
=RATE(3,-402115,1000000)
```

10 சதவீதம் என்று வரும். தவணையை வருடத் தொடக்கத்திலேயே கட்டுவதாக இருந்தால் இப்படி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வட்டி தவறாக வரும்:

```
=RATE(3,-402115,1000000,0,1)
```

தவணைக்குள்ளேயே சர்வீஸ், பராமரிப்புக் கட்டணம் கலந்திருந்தால் அதை முதலில் பிரித்து எடுத்துவிடுங்கள். அது மெஷினின் விலை அல்ல, அந்தந்த வருடச் செலவு.

### படி 3: ஒப்பந்தம் அ-வை எழுதுதல்

முதல் நாள், பைசா கைமாறும் முன்பே ஒரு பதிவு உண்டு. லேத் கணக்கில் பற்று 10,00,000, லீஸ் கடன் கணக்கில் வரவு 10,00,000. எந்தத் தொகை என்பதற்கு விதி: சொத்தின் நியாய விலை, தவணைகளின் இன்றைய மதிப்பு, இரண்டில் எது குறைவோ அது. நம் உதாரணத்தில் இரண்டும் ஒன்றே. சட்டப்படி லேத் இன்னும் லீஸ் கம்பெனியுடையதுதான், ஆனாலும் நம் பேலன்ஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. புதிதாகக் கணக்கு எழுத வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். காகிதத்தில் யார் உரிமையாளர் என்பதை விட, யார் அதை உரிமையாளர் போல அனுபவிக்கிறார் என்பதைக் கணக்கு பார்க்கிறது.

அடுத்து, ஒவ்வொரு தவணையையும் வட்டி, அசல் என்று உடைக்க வேண்டும்.

| வருடம் | தொடக்கக் கடன் | வட்டி (10%) | அசல் | மீதிக் கடன் |
|---|---|---|---|---|
| 1 | 10,00,000 | 1,00,000 | 3,02,115 | 6,97,885 |
| 2 | 6,97,885 | 69,789 | 3,32,326 | 3,65,559 |
| 3 | 3,65,559 | 36,556 | 3,65,559 | 0 |

முதல் வருடக் கடைசியில்: லீஸ் கடன் பற்று 3,02,115, வட்டிச் செலவு பற்று 1,00,000, வங்கி வரவு 4,02,115.

தேய்மானம் தனி. லேத் கடைசியில் நமக்கே வரப்போவதால் மூன்று வருடத்துக்கு அல்ல, பத்து வருடத்துக்குப் பரப்ப வேண்டும், வருடம் 1,00,000. திரும்பிப் போகும் சொத்தாக இருந்தால் லீஸ் காலம், சொத்தின் ஆயுள் இரண்டில் குறைந்ததை எடுக்க வேண்டும்.

ஆக, லாப நட்டக் கணக்கில் முதல் வருடம் 2,00,000, இரண்டாம் வருடம் 1,69,789, மூன்றாம் வருடம் 1,36,556. அதன்பின் ஏழு வருடம் தேய்மானம் மட்டும்.

பேலன்ஸ் ஷீட்டில் முதல் வருட முடிவில் மீதிக் கடன் 6,97,885-ஐ இரண்டாகக் காட்ட வேண்டும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் தீரப்போகும் பகுதி நடப்புப் பொறுப்பு, மிச்சம் நீண்டகாலப் பொறுப்பு. நடப்புப் பகுதியில் 4,02,115 என்று முழுத் தவணையையும் போடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. இன்னும் பிறக்காத வட்டி கடனாகாது. சரியான எண் அட்டவணையின் இரண்டாம் வரி அசல், 3,32,326. மிச்சம் 3,65,559 நீண்டகாலம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. நான் கணக்கு பார்த்த ஒரு பட்டறையில் இதே மாதிரி ஒப்பந்தத்தின் தவணை மொத்தத்தையும் 'மெஷின் வாடகை' என்று டாலியில் போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். நம் எண்களில் சொன்னால் முதல் வருடம் 2,00,000 செலவு வர வேண்டிய இடத்தில் 4,02,115 வரும், லாபம் இரண்டு லட்சத்துக்கு மேல் குறைந்து தெரியும். நான்காம் வருடத்திலிருந்து மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், கணக்கில் செலவே இருக்காது. அங்கே எனக்குப் பொறி தட்டியது சொத்துப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்தபோதுதான். பதிவேட்டில் நான்கு லேத், கண்முன்னால் ஐந்து. "அது நம்மதுதான் அண்ணா, அடுத்த வருஷம் பேருக்கு மாத்திக்குவோம்" என்றார் சூப்பர்வைசர். அந்த ஒரு வரி போதும், அது ஃபைனான்ஸ் லீஸ்.

### படி 4: ஒப்பந்தம் ஆ-வை எழுதுதல்

முதல் நாள் பதிவு எதுவும் இல்லை. லேத் நம் சொத்தல்ல, கடனும் இல்லை. வாடகை மட்டும்.

ஆனால் வாடகை ஏறுவரிசையில் இருக்கிறது. கட்டியதை அப்படியே செலவு எழுதினால் தப்பு, ஏனென்றால் மூன்று வருடமும் லேத் ஒரே மாதிரிதான் உழைக்கிறது. மொத்தம் 5,40,000-ஐ மூன்றால் வகுத்து வருடம் 1,80,000 எழுத வேண்டும். முதல் வருடம்: வாடகைச் செலவு பற்று 1,80,000, வங்கி வரவு 1,50,000, வித்தியாசம் 30,000 வாடகைச் சமன் கணக்கில் வரவு. இரண்டாம் வருடம் கட்டுவதும் செலவும் சமம். மூன்றாம் வருடம் 2,10,000 கட்டுகிறோம், செலவு 1,80,000, அந்த 30,000 கழிந்துவிடும்.

முதலாளிகளுக்கு ஆ மேல் ஏன் ஆசை என்று இப்போது புரிந்திருக்கும். கம்பெனியின் சொந்த மூலதனம் 20 லட்சம், வங்கிக் கடன் 20 லட்சம் என்றால் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. ஒப்பந்தம் அ-வில் கையெழுத்திட்ட அன்றே கடன் 30 லட்சமாகி விகிதம் ஒன்றரை. ஆ-வில் அசையாது.

### பெரிய கம்பெனியாக இருந்தால்?

லிஸ்ட் ஆன கம்பெனிகளுக்கும் 250 கோடிக்கு மேல் நிகர மதிப்புள்ளவற்றுக்கும் 2019 ஏப்ரல் 1 முதல் இண்ட் ஏஎஸ் 116 என்ற வேறு தரம். அதில் லீஸுக்கு எடுப்பவருக்கு இந்த இரண்டு வகைப் பிரிவே கிடையாது. சர்வதேசக் கணக்கியல் தர வாரியத்தின் தலைவராக இருந்த டேவிட் ட்வீடி, சாவதற்குள் ஒரு ஏர்லைனின் பேலன்ஸ் ஷீட்டில் உள்ள விமானத்தில் பறந்துவிட வேண்டும் என்று கிண்டலாகச் சொன்னார். அவ்வளவு விமானங்கள் ஆப்பரேட்டிங் லீஸ் என்ற பெயரில் கணக்குக்கு வெளியே பறந்துகொண்டிருந்தன.

இந்த விதியில் ஒப்பந்தம் ஆ-வும் பேலன்ஸ் ஷீட்டுக்குள் வரும். மூன்று வாடகைகளின் இன்றைய மதிப்பு 10 சதவீதத்தில் 4,42,900. அது ஒரு பக்கம் பயன்பாட்டு உரிமை என்ற சொத்து, மறுபக்கம் லீஸ் கடன். முதல் வருடம் தேய்மானம் 1,47,633, வட்டி 44,290, சேர்த்து 1,91,923. பழைய 1,80,000 போய்விட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத லீஸுக்கும் சின்ன மதிப்புள்ள பொருட்களுக்கும் மட்டும் இதிலிருந்து விலக்கு கேட்கலாம்.

லீஸுக்கு விடுபவருக்கு மட்டும் இன்றும் பழைய பிரிவுதான். அ-வில் அவர் புத்தகத்தில் லேத் இருக்காது, நம்மிடமிருந்து வரவேண்டிய 10,00,000 இருக்கும், முதல் வருட வருமானம் வட்டி 1,00,000 மட்டும். ஆ-வில் லேத் அவர் சொத்தாகவே இருக்கும். தேய்மானம் அவர் எழுதுவார், வாடகை அவர் வருமானம்.

### படி 5: மூன்றாம் வருடம் மார்ச் 31

நம் சிறிய கம்பெனிக்கே திரும்பி, எழுதியது சரியா என்று பார்க்க இந்த நாளின் லெட்ஜரைத் திறங்கள். அ-வில் லீஸ் கடன் கணக்கு பூஜ்யம் காட்ட வேண்டும், லேத் 7,00,000-க்கு நிற்க வேண்டும். ஓரிரு ரூபாய் மீதி நின்றால் அது முழுமைப்படுத்தியதில் வந்தது, வட்டியில் தள்ளிவிடலாம். ஆயிரக்கணக்கில் நின்றால் வட்டி விகிதம் தப்பு. பெரும்பாலும் ஏஜென்ட் சொன்ன 6.88-ஐ யாரோ போட்டிருப்பார்கள். ஆ-வில் வாடகைச் சமன் கணக்கு பூஜ்யம், லேத் லாரியில் ஏறிப் போயிருக்கும், புத்தகத்திலிருந்து நீக்க எதுவும் இருக்காது.